தினமும் காலையில் ஒரே ஒரு மடல்

ஓர் அதிகாரிக்கு நான் செய்துகொடுத்த உதவி பத்து நிமிட வேலை. அதற்காக அவர் எனக்கு ஃபில்டர் காபி வரவழைத்தார். அந்தக் காபியை வேண்டாம் என்றிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஓர் ஆராய்ச்சி வளாகத்தில் நான் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். வீடு செங்கல்பட்டில். அலுவலகப் பேருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வரும். காகிதக் கோப்புகளை ஒழித்து, எல்லா ஒப்புதலையும் கணினியிலேயே வாங்கும் முறையை எங்கள் பிரிவுதான் கொண்டுவந்தது. யார் விண்ணப்பம் போட்டாலும் அது மேலதிகாரியின் நிலுவைப் பட்டியலில் போய் நிற்கும். அவருக்கு ஒரு மின்னஞ்சலும் போகும். மின்னஞ்சல் பகுதியை எழுதியது நான்.

நான் எழுதிய லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆவணத்துக்கு ஒரு மடல். அது நிலுவையில் இருக்கும் வரை தினமும் ஒரு நினைவூட்டல். அவருக்கு வேலையே இல்லாத ஆவணம் என்றாலும் 'தகவலுக்காக' என்று ஒரு நகல். நாற்பது ஆவணம் நிலுவை என்றால் விடிந்ததும் நாற்பது மடல் வந்து விழும். யாரும் எதையும் மறக்கக்கூடாது என்று நினைத்தேன். எல்லாவற்றையும் ஒரே குரலில் கத்தினால் எதுவும் காதில் விழாது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

புது முறையை விளக்க வகுப்பு எடுத்ததும் நான்தான். "இனிமே யாரும் அதிகாரி அறை வாசல்ல போய் நிக்க வேண்டாம். யாரையும் கேட்டு அலைய வேண்டாம். அதுவே ஞாபகப்படுத்தும்" என்று சொன்னேன். கைதட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதத்தில் பிரிவுத் தலைவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தவர், கோபமே வராதவர். அன்று வந்திருந்தது.

"என்னம்மா இது, டைரக்டர் அனுப்பின மெயில் உங்க மெயிலுக்கு நடுவுல காணாமப் போயிடுச்சு. இதை நிறுத்த முடியுமா முடியாதா?"

மென்பொருளை மாற்ற வேண்டுமானால் குழு கூட வேண்டும், ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கெல்லாம் பொறுமை இல்லாமல் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து அவருடைய மின்னஞ்சலில் ஒரு விதி போட்டேன். எங்கள் முறையிலிருந்து வருகிற மடல்கள் எல்லாம் தனியாக ஓர் அடைவுக்குள், அதாவது ஃபோல்டருக்குள், போய்விடும்; அவருடைய அஞ்சல்பெட்டி சுத்தமாக இருக்கும். "நேரம் கிடைக்கும்போது திறந்து பார்த்துக்குங்க சார்" என்றேன். அப்போதுதான் அந்தக் காபி வந்தது. விஷயம் பரவி, இன்னும் மூன்று அதிகாரிகளுக்கும் அதையே செய்துகொடுத்தேன்.

அந்தப் பிரிவுத் தலைவரின்கீழ் ஒரு டெக்னீஷியன் இருந்தார். திருப்போரூர்க்காரர், குடியிருப்பது என்னைப்போலச் செங்கல்பட்டில். வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் பட்டயம் முடித்தவர். எங்கள் துறையின் வேறொரு மையத்தில் ஒரு மேல்பதவிக்கு அறிவிப்பு வந்தது. வயது வரம்பு நாற்பது. அவருக்கு அடுத்த மாதம் நாற்பது முடிகிறது. விண்ணப்பத்தைப் பிரிவுத் தலைவர் ஒப்புதல் கொடுத்து அனுப்பினால்தான் எடுத்துக்கொள்வார்கள். கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே அவர் கணினியில் ஏற்றிவிட்டார்.

கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"மேடம், என்னுது இன்னும் 'ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது'ன்னே கீது. இன்னா ஆச்சுன்னு கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். தினமும் நினைவூட்டல் போயிருந்தது. ஒரு நாள்கூடத் தவறவில்லை. எல்லாம் நான் போட்ட விதியின்படி அந்த அடைவுக்குள் அழகாகப் போய்ச் சேர்ந்திருந்தன. அடைவில் படிக்காதவை ஆயிரத்துச் சொச்சம். நிலுவைப் பட்டியலும் புதியதை மேலே, பழையதைக் கீழே காட்டும்படிதான் இருந்தது. அவருடைய விண்ணப்பம் மூன்றாம் பக்கத்துக்கு இறங்கியிருந்தது. கடைசி நாள் என்ன என்று கேட்க விண்ணப்பத்தில் ஒரு கட்டமே இல்லை. அதையும் நான்தான் வைக்கவில்லை.

"நீங்க ஒரு வார்த்தை சார்கிட்ட போய்ச் சொல்லியிருக்கலாமே" என்றேன். கேட்டிருக்கவே கூடாது.

"நீங்கதான மேடம் சொன்னீங்க, யாரும் போய் நிக்க வாணாம், அதுவே ஞாபகப்படுத்தும்னு. நான் டெய்லி தொறந்து பாத்துகினுதான் இருந்தேன்."

பிரிவுத் தலைவர் அந்த மையத்துக்குத் தொலைபேசியில் பேசினார், கெஞ்சினார் என்றே சொல்லலாம். அங்கே விண்ணப்பப் பட்டியலை மூடிவிட்டார்கள். விசாரித்தவர்களிடம் அவர் "நான் பார்க்கல, என் தப்பு" என்று மட்டும் சொன்னார். விதி போட்டது யார் என்று சொல்லவில்லை. கணினிக் குறிப்பிலோ 'மடல் அனுப்பப்பட்டது' என்று சுத்தமாக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்மேல் ஒரு தூசு விழுந்திருக்காது. இரண்டு நாள் மூடிக்கொண்டும் இருந்தேன். மூன்றாம் நாள் காலை பேருந்தில் அந்த டெக்னீஷியன் எழுந்து எனக்கு உட்கார இடம் கொடுத்தார். இறங்கியதும் நேராகப் போய் என் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு அந்தப் பகுதியை முழுக்கத் திருப்பி எழுதினேன். ஒவ்வொரு அதிகாரிக்கும் காலை எட்டரைக்கு ஒரே ஒரு மடல். நிலுவை எதுவும் இல்லையென்றால் அதுவும் கிடையாது. எத்தனை நிலுவை என்பது மடலின் தலைப்பிலேயே தெரியும். உள்ளே கடைசி நாள் முந்துவது முதல் வரியில், பட்டியலிலும் அதே வரிசை. விண்ணப்பத்தில் கடைசி நாளுக்குக் கட்டம். அது நெருங்கினால் மட்டும் தனி மடல். அதற்கும் அசைவில்லை என்றால் அடுத்த அதிகாரிக்கும் தகவல் போகும். 'தகவலுக்காக' என்ற மடல்களை ஒழித்தேன். ஏற்கெனவே நிலுவையில் இருந்தவற்றுக்கெல்லாம் கடைசி நாளை நானே தேடி நிரப்பினேன். நான் போட்ட விதிகளை அந்த நான்கு கணினிகளிலிருந்தும் நீக்கினேன். இந்த முறை யாரும் காபி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

முதல் மடல் போன காலை எட்டே முக்காலுக்குப் பிரிவுத் தலைவர் கூப்பிட்டார்.

"எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா முதல் வரியில அவரோடதே நிக்குது."

தேதி முடிந்த அந்த விண்ணப்பம் இன்னும் நிலுவையில்தான் இருந்தது. பிரிவுத் தலைவர் இனி ஒப்புதல் கொடுத்துப் பயனில்லை. திருப்பி அனுப்பினால் அந்த மனிதரின் பதிவில் 'நிராகரிக்கப்பட்டது' என்று நிற்கும். "அதை மட்டும் நான் செய்ய மாட்டேன்" என்றார். மிச்சம் ஒரே வழி, போட்டவரே திரும்பப் பெற வேண்டும். அதை அவரிடம் கேட்கிற வேலை எனக்கு.

மதிய இடைவேளையில் அவர் வந்தார். என் கணினியிலேயே உள்ளே போய்த் தன் விண்ணப்பத்தைத் திறந்தார். நாற்பது முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. 'திரும்பப் பெறு' என்பதை அழுத்தியதும் ஒரு வெற்றுக் கட்டம் வந்தது.

"காரணம் எழுதாம வுடாதா மேடம்?"

"விடாது" என்றேன். அப்படி வைத்ததும் நான்தான்.

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். "சொன்னபடி காத்திருந்தேன்" என்று எழுதி, அழுத்திவிட்டு, நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.