அழத் தெரியாத மெட்ராஸ் பாஷை

சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து, அப்பாவை நைனா என்று கூப்பிட்டு வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் எல்லோரும் பேசியது மெட்ராஸ் பாஷைதான். அதில்தான் சண்டை போட்டேன், அதில்தான் கொஞ்சினேன், பெண் பார்க்க வந்துவிட்டு பஜ்ஜியைக் குறை சொன்ன குடும்பத்தை உள்ளே உட்கார்ந்துகொண்டு அதில்தான் திட்டினேன். ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தி.நகரில் நாடகக் கேசட்டுகளுக்குக் குரல் கொடுக்கப் போன காலத்தில், ஸ்டூடியோ வாசலில் செருப்போடு அதையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். பிறந்த வீடு எங்கே என்று யாராவது கேட்டால் மவுண்ட் ரோடு பக்கம் என்பேன். பொய் இல்லை, நடந்து போகிற தூரம்தான்.

அப்போது நாடகக் கேசட் என்றால் பெரும்பாலும் சிரிப்பு நாடகம். அதில் மெட்ராஸ் பாஷை பேசுகிறவர்கள் யார் என்று சொல்லவே வேண்டியதில்லை. ரிக்‌ஷாக்காரர், மீன்காரி, பாத்திரம் தேய்க்கிறவள், ஜேப்படிக்காரன். மீன்காரி வேஷம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். குரலை மூக்குக்கு ஏற்றி, ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் பிடித்து இழுத்து, நடுநடுவே ஒரு கஸ்மாலம் போட்டால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரெகார்டிஸ்ட் வரைக்கும் சிரிப்பார்கள். "உங்களுக்கு மட்டும் எப்படிங்க இவ்வளவு அச்சா வருது?" என்று ஒருத்தி கேட்டாள். பஸ்ஸில் கேட்டுப் பழகினது என்றேன். எங்கள் தெருவில் ஒருத்தரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

நைனாவுக்கு பைண்டிங் கடை. பசை வாசனைக்கு நடுவில் ஒரு டேப் ரெகார்டர் வைத்திருந்தார். என் கேசட் எது வந்தாலும் வாங்கிப் போட்டு, பக்கத்துக் கடைக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைப்பார். மீன்காரி வந்தால் அவரும்தான் சிரிப்பார். ஒருநாள் சிரித்து முடித்துவிட்டு, கத்தரித்த காகிதத்தைத் தட்டி அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஏன் கண்ணு, நம்மள மாரி பேசுறவன் எவனும் நாடகத்துல அழுவவே மாட்டானா?"

எனக்குச் சுருக்கென்றது. "அழுவுறதுக்கு எவன் நைனா காசு குடுத்து கேசட்டு வாங்குவான்?" என்று எரிந்து விழுந்தேன். பதில் தெரியாதபோது எரிந்து விழுவது என் வழக்கம்.

அதற்கு அடுத்த வருஷம் அந்த நாடகம் வந்தது. இயக்குநர் மயிலாப்பூர்க்காரர், ஐம்பது வயது இருக்கும், வெற்றிலை போடுகிறவர். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு தாய். லாரி மோதிய மகன் உள்ளே கிடக்கிறான். அவள் வெளியே தம்பியோடு காத்திருக்கிறாள், டாக்டரும் நர்ஸும் வந்து போகிறார்கள். அவ்வளவுதான் கதை. அந்தத் தாய் மெட்ராஸ் பாஷை பேசுவாள், ஆனால் ஓர் இடத்திலும் சிரிப்பு வரக்கூடாது. அந்த வேஷம் எனக்கு என்றார். பஸ் ஸ்டாப்பிலேயே அழுதுவிட்டேன். வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போய்ச் சொன்னேன்.

"இந்த தபா நம்ம ஊட்டுல பேசிக்கிற மாரியே பேசப் போறேன் நைனா. அழுவப் போறேன்."

"பெர்சா அழுவாத. வர வேண்டியது வந்தா போதும்" என்றார். ஆனால் அன்றைக்கே பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

முதல் ஒத்திகையில் வாயைத் திறந்தேன். வந்தது மீன்காரி. மூக்கு, இழுவை, எல்லாம் அப்படியே. இயக்குநர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா நேக்கு சிரிப்பு வரதும்மா. அவ பிள்ளை சாகக் கிடக்கறான். சிரிப்பு வரப்படாது."

திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அழுகையைச் சேர்த்தால் மீன்காரி அழுதாள், மெதுவாகச் சொன்னால் மீன்காரிக்குத் தொண்டை கட்டியது. கடைசியில் பொறுக்க முடியாமல், "சார், எங்க நைனா வூடே சிந்தாதிரிப்பேட்டைல தான் சார் கீது" என்று உடைத்துவிட்டேன். அவர் வெற்றிலை மடிப்பதை நிறுத்தினார்.

"அப்போ இத்தனை நாளா யார் மாதிரி பேசிண்டிருந்தேள்?"

பிறகு அவரே சொன்னார். அவர் வீட்டில் பேசுகிற தமிழ், நாடகத்தில் சமையல்காரருக்கும் கஞ்சப் புரோகிதருக்கும் மட்டும்தான் கிடைக்குமாம். "எங்காத்துலயும் செத்துப் போறா. அழறா. அதைக் கேக்க நாதியில்லை" என்றார்.

பிரதியை மேஜையில் விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். கேசட்டில் முகம் கிடையாது, புடவை கிடையாது. ஆள் யார் என்று பேச்சுதான் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில் எழுதுகிறவர்கள் வரிக்கு வரி இன்னா, நைனா, பேஜார் என்று அள்ளிக் கொட்டிவிடுகிறார்கள். பாதிக்கு மேல் அடித்தோம். ஒரு வாக்கியத்தில் ஒன்று இருந்தால் போதும், சில வாக்கியத்தில் ஒன்றுகூட வேண்டாம். ஊர் ஒலி வார்த்தையில் மட்டும் இல்லை, எங்கே மூச்சு விடுகிறோம், எதை முழுங்குகிறோம் என்பதிலும் இருக்கிறது. குரலை மூக்கிலிருந்து இறக்கி நெஞ்சில் வைக்கச் சொன்னார். டாக்டருக்கும் ஓர் ஊர் கொடுத்தார். அவர் கோயம்புத்தூர்க்காரர் ஆனார், "பாத்துக்கலாமுங்க" என்றார். தாய்க்கு மட்டும் ஊர் இருந்து மற்றவர்களுக்கு இல்லாமல் போனால் அது கிண்டலில்தான் போய் முடியும் என்பது அவர் எண்ணம்.

நானும் ஒன்று சொன்னேன். எங்கள் வீட்டில் யாரும் டாக்டரிடம் போய்த் தம்பியிடம் பேசுவதுபோல் பேச மாட்டோம். நாக்கைக் கட்டிப்போட்டுத்தான் பேசுவோம். இயக்குநர் துள்ளி எழுந்துவிட்டார். அதை வைத்து ஒரே பேச்சை மூன்று இடத்தில் போட்டார். முதலில் டாக்டரிடம், அடக்கமாக: "காலைல ஒண்ணும் சாப்பிடாம போயிட்டான் சார்." அவர் போனதும் தம்பியிடம்: "காலீல ஒண்ணியும் துன்னாம பூட்டான்டா." கடைசியில் டாக்டர் வந்து தலையை ஆட்டுகிறார். அப்போது அவளுக்கு எதிரில் நிற்பது யார் என்பதே மறந்துபோகிறது. "அவன் இன்னும் ஒண்ணியும் துன்னல சார்."

பதிவு செய்த அன்று அந்த வரியைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். டாக்டராக நடித்தவர் பேச வேண்டிய இடத்தில் பேசவில்லை. ரெகார்டிஸ்ட் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். இயக்குநர் அந்த மௌனத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னார். அன்றைக்கு நான் செருப்பை மாட்டும்போது முதல் தடவையாக எதையும் வாசலில் விட்டுவிட்டு வந்ததாகத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு வாரம் கழித்துக் கேசட் கம்பெனி முதலாளி எங்களைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. கேசட் கடைக்காரர்கள் சிலரை ஸ்டூடியோவுக்கு வரவழைத்துப் போட்டுக் காட்டியிருக்கிறார். அவர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள்.

"கவர்ல மெட்ராஸ் பாஷை நாடகம்னு கொட்டை எழுத்துல அடிச்சாச்சு சார். கேசட்டுல அது எங்க இருக்கு? இந்த அம்மா ஏதோ பக்கத்து வீட்டு அம்மா மாதிரி பேசுறாங்க."

"பக்கத்து வீட்டு அம்மாதான் சார்" என்றேன்.

"அதான் பிரச்சனை. நீங்க எப்பவும் பண்ணுவீங்களே, அதைப் பண்ணுங்க. நர்ஸைப் பார்த்து ரெண்டு கஸ்மாலம் விடுங்க. மத்த அழுகையெல்லாம் இருக்கட்டும், நான் வேணாங்கல."

இயக்குநர் வாதாடினார். நான் கத்தினேன். முதலாளி இரண்டையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்கு முடியாவிட்டால் வேறொரு பெண் இருக்கிறாள் என்றார். அவளை எனக்குத் தெரியும். அடையாறில் பிறந்து வளர்ந்தவள், மெட்ராஸ் பாஷையைச் சினிமாவில் மட்டும் கேட்டவள். அந்தத் தாயை அவள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நானே செய்தால் கொஞ்சமாவது காப்பாற்றலாம் என்று நினைத்தேன். உள்ளே போனால் அதெல்லாம் நடக்கவில்லை. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று முதலாளி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். மூக்கு வந்தது, இழுவை வந்தது. துன்னல என்ற வார்த்தைக்கு முன்னால் ஓர் "ஐயே" வந்தது. ஒருவரும் மூக்கைத் துடைக்கவில்லை.

ஸ்பூல் டேப் விலை அதிகம். அதனால் அதே டேப்பில், பழையதன் மேலேயே பதிவு செய்தார்கள். அது அந்த ஸ்டூடியோவில் எப்போதும் உள்ள வழக்கம்தான், அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நான் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதுதான் அது உறைத்தது. கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். கல்யாணமாகி அப்போது அசோக் நகரில் இருந்தோம். வீட்டுக்காரர் என்ன என்று கேட்டார், தலைவலி என்றேன். அந்த ஒரு வரியை நான் சரியாகச் சொன்னதற்கு உலகத்தில் இனிமேல் அத்தாட்சி கிடையாது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

கேசட் நன்றாக விற்றது. நைனாவுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் எனக்கு முன்னாலேயே வாங்கிவிட்டார். நான் வரும்வரை பிரிக்காமல் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை, கடையில் பலகை போட்டு பக்கத்துக் கடைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நைனா கையில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்து, கேசட்டைப் போட்டார்.

எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள். நர்ஸைத் திட்டுகிற இடத்தில் பூட்டுக்கடைக்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். நைனா சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வைத்து, ஏதோ வரப்போகிறது என்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். "அவன் இன்னும் ஒண்ணியும் துன்னல சார்" என்று நான் இழுத்தபோதும் சிரிப்பு எழுந்தது. நாடகம் முடிந்தது. பட்டன் டக்கென்று எழும்பியது. பக்கத்துக் கடைக்காரர்கள் பாராட்டிவிட்டு எழுந்து போனார்கள்.

நைனா கேசட்டை எடுத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஓடி முடிந்துவிட்டது.

"நல்லாத்தான் கீது கண்ணு. நம்ம பேச்சுல பேசுறேன்னியே, அது எங்க கீது? வேற கேசட்டா?"

"ஆமா நைனா" என்றேன். "அது வேற."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அதான பாத்தேன்" என்று கேசட்டை டப்பாவுக்குள் போட்டு மூடினார். அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும், டீ சொல்லிவிட்டு, கிளம்புகிற நேரமாகப் பார்த்துக் கேட்பார்.

"அந்த இன்னொரு கேசட்டு வந்துச்சா கண்ணு?"