வரிசையக்காவும் அறுபத்தெட்டு நிமிடமும்

எங்கள் மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் இருக்கும் அக்காவுக்கு வரிசையக்கா என்று பெயர் வைத்தது நான்தான். முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு மேலதிகாரிகளே அப்படிக் கூப்பிட ஆரம்பித்ததும் விட்டுவிட்டார். அவர் மேசையில் பேனாக்கள்கூட உயரப்படி நிற்கும். டீ டம்ளரை வைக்க ஓர் இடம், எடுத்துக் குடித்துவிட்டு வைக்க இன்னோர் இடம். "எங்க வீட்டுல சண்டைகூட தேதி வாரியாத்தான் நடக்கும். போன மாசம் ஏழாந்தேதி நீ என்ன சொன்னேன்னு ஆரம்பிச்சா, அன்னைக்கு என்ன கிழமைங்கிறது வரைக்கும் வந்துரும்" என்று அவர் கணவர் என்னிடம் ஒருமுறை புலம்பியிருக்கிறார். புலம்பும்போதும் அந்த மனுஷன் முகத்தில் பெருமைதான் இருந்தது.

தற்காலிகத் தட்டச்சராக வந்தவர். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்து ஆளாக்கிய பிறகும் அதே நாற்காலியில் இருக்கிறார். கணினி வந்தபோது மற்றவர்கள் பயந்தார்கள். இவர் மட்டும், "ஒரு கட்டத்துல ஒரு விஷயம்தான் எழுதணுமாம். இத்தனை நாளா இதைத்தானே நானும் சொல்லிட்டிருக்கேன்" என்றார்.

நான் அதே மருத்துவமனையில் மின்சாரப் பராமரிப்பு. என்னை எல்லாரும் கரண்டு என்பார்கள். வேலையை வைத்துப் பாதி, என் மூக்குநுனிக் கோபத்தை வைத்துப் பாதி. கேன்டீன்காரரிடம், டீ ஆறியிருந்தால் சண்டை, சாப்பாடு தாமதமானால் சண்டை. அவரும் சளைத்தவரில்லை.

விஷயம் ஸ்வெட்டர் அண்ணனைப் பற்றியது. தடுப்பூசிகளும் சில மருந்துகளும் வைக்கிற குளிர் அறைக்கு அவர்தான் பொறுப்பு. வெளியே வெயில் கொளுத்தினாலும் பழுப்பு ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். நாள் முழுக்கச் சேர்த்தால் பத்து வார்த்தை பேசுவார். அதில் நாலு வார்த்தை "கதவ சாத்திட்டுப் போ".

இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை காலை அந்த அறையின் குளிரூட்டி நின்றுபோனது. அலாரம் அடித்தது. அண்ணன் ஓடி வந்து பெட்டிகளை எல்லாம் பக்கத்து அறைக்குத் தனியாளாக மாற்றினார். "அலாரம் அடித்த மூன்று நிமிடத்தில் கதவைத் திறந்தேன்" என்று எழுதியும் கொடுத்தார். ஆனால் இயந்திரங்கள் வேறு கதை சொல்லின. குளிரூட்டி நிறுவனத்திலிருந்து வந்த பொறியாளர் பதிவுக் கோப்பை இறக்கி, நேரப்படி அடுக்கி, அழகான ஒற்றைப் பக்க அட்டவணை ஒன்று கொடுத்தார். அலாரம் 10:02. கதவு திறந்தது 11:13. எழுபத்தொரு நிமிடம்.

ஆள் தூங்கிவிட்டு, வந்து பொய்யும் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. புதன்கிழமை விசாரணை. குளிர் அறையிலிருந்து அவரை எடுத்துவிடுவார்கள், பொய் சொன்னவர் என்று கோப்பிலும் ஏறிவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.  திங்கட்கிழமை அண்ணன் ஸ்வெட்டர் போடாமல் வந்தார்.  அந்தப் பொறியாளரைக் கண்டபடி திட்டிக்கொண்டு நான்தான் வரிசையக்காவிடம் போனேன்.

"திட்டி என்ன ஆகப்போகுது? அந்தாளு அடுக்குறதுக்கு முன்னாடி இருந்த மூலக் கோப்பு வேணும். ஒரு வரி விடாம வேணும். வாங்கிட்டு வா" என்றார்.

வாங்கி வந்தேன். திறந்து பார்த்தால் கண்ணைக் கட்டியது. மூவாயிரத்துச் சொச்சம் வரிகள். சுவரில் இருக்கும் குளிரூட்டியின் பேனல் ஒரு கருவி, கதவு திறக்கும் நேரத்தைக் குறிக்க கதவு நிலையில் பொருத்திய சின்னப் பெட்டி இன்னொரு கருவி. இரண்டின் பதிவையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டியிருந்தார்கள். பேனல் தேதியை நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறது. கதவுப் பெட்டி ஆண்டிலிருந்து தொடங்குகிறது. சில வரிகள் இரண்டு முறை வந்திருந்தன. சில வரிகள் பாதியில் உடைந்து அடுத்த வரியில் தொங்கின.

அக்கா முதலில் செய்த வேலை எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஒவ்வொரு வரிக்கும், அது கோப்பில் இருந்தபடியே, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டார்.

"அடுக்கத்தானே போறீங்க, இப்ப எதுக்கு நம்பர்?"

"அடுக்குன பிறகு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா காட்டணும்ல? அடுக்கும்போது ஒரு வரிய தூக்கிப் போட்டேன்னா, அது இல்லாததே தெரியாமப் போயிரும்."

பிறகுதான் கட்டங்கள் பிரித்தார். கருவி எது, அது காட்டிய நேரம் எது, நடந்தது என்ன. தேதிகளை எல்லாம் ஒரே வடிவத்துக்கு மாற்றினார். இரட்டை வரிகளைக்கூட அழிக்கவில்லை, பக்கத்தில் "இரட்டை" என்று எழுதி ஒதுக்கி வைத்தார். திங்கள் முழுக்க அதே வேலை. நடுவில் இரண்டு முறை டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டையும் சரியான இடத்தில் வைத்தேன்.

செவ்வாய் மதியம் மூன்று மணி இருக்கும், என்னைக் கூப்பிட்டனுப்பினார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அண்ணன் தினமும் காலையில எட்டு மணிக்கு என்ன பண்ணுவாரு?"

"பேனல்ல சோதனை பட்டன அமுக்குவாரு. உடனே கதவத் திறந்து உள்ள போயி எண்ணுவாரு. ஞாயித்துக்கிழமை தவிர தினமும்."

"ஆமா. அப்போ பட்டனும் கதவும் பக்கத்துப் பக்கத்துல விழணும். இங்க பாரு."

பார்த்தேன். இந்த மாதம் ஒன்றாம் தேதி, பட்டன் எட்டு மணி, கதவு எட்டு மணி, அரை நிமிடம்கூட வித்தியாசமில்லை. மூன்றாம் தேதி காலையும் அப்படியே. நான்காம் தேதி பட்டன் எட்டு மணி, கதவு ஒன்பது எட்டு. ஐந்தாம் தேதி ஒன்பது எட்டு. அப்படியே இருபத்திரண்டு வரைக்கும், பதினேழு காலைகள். ஒவ்வொரு நாளும் அறுபத்தெட்டு நிமிடம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"பதினேழு நாளும் பட்டன அமுக்கிட்டு அறுபத்தெட்டு நிமிஷம் வெளியவே நின்னாரா மனுஷன்? கதவுப் பெட்டியோட கடிகாரம் முன்னாடி ஓடுது. பேனல நம்ம ஆபீஸ் நேரத்தோட இன்னைக்கு ஒத்துப் பார்த்துட்டேன், அது சரியா இருக்கு. 11:13ல அறுபத்தெட்ட கழிச்சா?"

"பத்து அஞ்சு" என்றேன். "மூணு நிமிஷம்! அக்கா, மூணே நிமிஷம்!" நான் மேசையைத் தட்டியதில் பேனாக்கள் வரிசை கலைந்தன. எது கலைந்தாலும் உடனே அடுக்கிவிடும் அக்கா அன்று அவற்றைத் தொடக்கூட இல்லை.

"உக்காரு. மூணாந்தேதி காலைக்கும் நாலாந்தேதி காலைக்கும் நடுவுல ஏதோ நடந்திருக்கு. அதையும் கண்டுபிடிச்சிட்டேன்."

கதவுப் பெட்டியின் பதிவில் மூன்று வரிகள் மட்டும் இரண்டாயிரமாவது ஆண்டு ஜனவரி ஒன்றாம் தேதி என்று இருந்தன. பொறியாளர் குப்பை என்று நினைத்துத் தன் அட்டவணையில் சேர்க்காமல் விட்ட வரிகள். நேரப்படி அடுக்கினால் அவை எல்லாவற்றுக்கும் மேலே போய் நிற்கும். ஆனால் அக்கா போட்ட எண்படி பார்த்தால் மூன்றாம் தேதியின் நடுவில் இருந்தன. புது மின்கலம் போடப்பட்டது. மின்கலம் போடப்பட்டது. அடுத்த வரி, கடிகாரம் வைக்கப்பட்டது, புது நேரம் 12:10.

மின்கலத்தைக் கழற்றினால் அந்தப் பெட்டி நேரத்தை மறந்துவிடும். மாற்றுகிறவர்தான் நேரத்தைக் கையால் வைக்க வேண்டும். மாற்றுகிறவர் யாரென்று எனக்குத் தெரியும். 

"மூணாந்தேதி திங்கக்கிழமை நீ கேன்டீன்ல சண்டை போட்டியே, ஞாபகம் இருக்கா?" அக்கா என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே கேட்டார். "பன்னெண்டு பத்து ஆச்சு, இன்னும் சாப்பாடு ஆகலையான்னு கத்துன. மணி பதினொண்ணுதான்யா ஆகுதுன்னு அவரு சொல்ல, கிண்டலா பண்றேன்னு எகிறுன. நான் அன்னைக்கு பதினோரு மணி டீக்கு உன் பின்னாடிதான் நின்னேன்."

எல்லாம் ஞாபகம் வந்தது. கைபேசியைப் பட்டறையில் சார்ஜில் போட்டிருந்தேன். குளிர் அறை வராந்தாவின் சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தேன், பன்னிரண்டு பத்து. அதையே பெட்டியில் வைத்துவிட்டு நேராகச் சாப்பிடப் போனேன். அந்தச் சுவர்க் கடிகாரம் என்றைக்கோ நின்றுபோனது. அதற்கு மின்கலம் போட வேண்டியதும் நான்தான்.

அக்கா அச்செடுத்த தாளை என் பக்கம் தள்ளினார். கருவி காட்டிய நேரம் ஒரு கட்டத்தில், திருத்திய நேரம் அடுத்த கட்டத்தில், அதற்குப் பக்கத்தில் காரணம். ஒவ்வொரு வரியும் நிரம்பியிருந்தது. 12:10 என்ற வரியில் மட்டும் குறிப்புக் கட்டம் வெறுமையாக இருந்தது.

"பதினேழு நாள் கணக்கே அண்ணனக் காப்பாத்திரும். ஏன் அப்படி ஆச்சுன்னு நாளைக்குக் கேப்பாங்க. காரணம் தெரியலைன்னு என்னால எழுத முடியாது, ஏன்னா எனக்குத் தெரியும். உன் பேர நானா எழுதவும் மனசு வரல." பேனாவை எடுத்துத் தாளின்மேல் வைத்தார். "நீயே எழுதிரு கரண்டு."

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு நொடி அக்காமேலேயே வந்தது. அப்புறம் ஸ்வெட்டர் இல்லாமல் வந்த அண்ணனின் மெலிந்த தோள்கள் கண்ணில் நின்றன. பேனாவை எடுத்தேன். "நின்றுபோன சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்தது நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அக்கா அந்தத் தாளை அப்படியே கோப்பில் வைத்தார்.

புதன்கிழமை விசாரணையில் கண்காணிப்பாளர் அம்மா அட்டவணையை வரி வரியாகப் படித்தார். சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் மூல வரியின் எண்ணைச் சொல்லி அக்கா எடுத்துக் காட்டினார். பதினேழு காலைகளைப் பார்த்ததும் பொறியாளர் தன் ஒற்றைப் பக்கத்தை மெல்ல மடித்து உள்ளே வைத்தார். என் வரி வந்ததும் அந்த அம்மா சத்தமாகவே வாசித்தார். எனக்கு எழுத்துமூல எச்சரிக்கை. அண்ணன் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று அங்கேயே எழுதி முத்திரையும் வைத்தார்கள். அண்ணன் எழுந்து கும்பிட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பாமலே போயிருந்தால்கூட நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். நாலு நாள் ஒரு நல்ல மனிதரைப் பொய்யராக நடமாட விட்டவன் நான். அன்றைக்கே வராந்தாக் கடிகாரத்துக்கு மின்கலம் போட்டேன். அக்கா கீழே நின்று தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து விநாடி உட்படச் சொன்னார்.

மறுநாள் சாப்பிடப் போகவே வெட்கமாக இருந்தது. கேன்டீனில் ஓரமாக, யாரிடமும் சண்டை போடாமல் உட்கார்ந்திருந்தேன். என் முன்னால் ஒரு தட்டுச் சாப்பாடு வந்து இறங்கியது. நிமிர்ந்தால் பழுப்பு ஸ்வெட்டர்.

"மணி இப்போ நெசமாவே பன்னெண்டு பத்து" என்றார் அண்ணன். "சாப்பிடு."

எதிரே உட்கார்ந்து அவரும் சாப்பிட ஆரம்பித்தார். அந்தப் பக்கம் டீயோடு நின்ற வரிசையக்கா, கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்து, சரிதான் என்று தலையாட்டினார்.