கன்னத்துத் தழும்பு இல்லாத படம்

என் அக்காவைத் தெருவில் பலருக்கும் ‘கண்ணாடியக்கா’ என்றுதான் தெரியும். அத்தானின் ஸ்டுடியோவுக்குப் படமெடுக்க வருகிறவர்களிடம் அவள் முதலில் சொல்வது “கண்ணாடியைக் கழட்டுங்க” என்பதுதான். பிறகு காது தெரிய முடியை ஒதுக்கி, காலரை நீவிவிடுவாள். சிரிப்பை அடக்கத் தெரியாதவர்களிடம், “மாமியார் வந்து நிக்கிறதா நினைச்சுக்கோங்க” என்பாள். அத்தோடு சிரிப்பு நின்றுவிடும்.

ஒருமுறை ஒரு பெண் விசா படத்தில் மூக்கோரத்து மச்சத்தை எடுத்துவிடச் சொல்லி மன்றாடினாள். அக்கா மசியவில்லை. கல்யாண ஆல்பத்தில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், விசாவுக்கு ஆகாது என்றாள். “மச்சத்தை எடுத்தா அது நீங்க இல்லம்மா, உங்க தங்கச்சி.”

அத்தானும் அந்த விஷயத்தில் கறார். அளவுக்கு வெட்டுவார், வெளிச்சத்தைச் சரிசெய்வார், அவ்வளவுதான். பின்னால் சுவரில் நிழல் விழுந்துவிட்டால்கூட கம்ப்யூட்டரில் அழிக்காமல் ஆளைத் திரும்ப உட்கார வைப்பார். பருவோ சுருக்கமோ தழும்போ, முகத்தில் உள்ளது படத்திலும் இருக்கும்.

அக்காவுக்கு இடது கன்னத்தில், காதோரத்திலிருந்து வாயோரம்வரை ஒரு தழும்பு. சிறு வயதில் கொதித்த எண்ணெய் தெறித்தது. பாஸ்போர்ட் படம் அரசு அலுவலகத்திலேயே எடுத்தது, அதில் தழும்பு இருந்தது. அத்தான் எடுத்த படங்களில் மட்டும் அது இருந்ததே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளை எங்கே படமெடுத்தாலும் முதல் வேலையாக அதை அழித்துவிடுவார். அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஸ்டுடியோ சுவர் முழுக்க மாசற்ற கன்னத்தோடு அவள் நின்றாள்.

அவர்களுடைய ஒரே மகள், ஒரு கைக்குழந்தையின் தாய், வெளிநாட்டில் ரத்தப் புற்றுநோயோடு மருத்துவமனையில் கிடந்தாள். அம்மாவை அனுப்பிவையுங்கள் என்று மருமகன் போனில் அழுதான். அன்று மாலையே அத்தான் அக்காவைத் துணித்திரைக்கு முன் உட்கார வைத்தார். கம்ப்யூட்டர் முன் அவர் உட்கார்ந்தபோது மனசு மகளிடம் இருந்தது, கை பழகிய வேலையைச் செய்தது. சின்னப் படம். வாங்கிப் பார்த்த அக்காவுக்கும் தான் எப்போதும் பார்க்கிற முகம்தான் தெரிந்தது. ஊருக்கெல்லாம் சட்டம் சொன்ன இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

விண்ணப்ப மையத்தில் கைரேகை எடுத்தபோது முகத்தையும் படம் பிடித்தார்கள். சில நாளில் கடிதம் வந்தது. கொடுத்த படத்துக்கும் அங்கே எடுத்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது, விளக்கம் தேவை.

விசா ஏஜென்ட் நல்ல மனுஷர். நடந்ததை அப்படியே எழுதி, திருத்தாத படத்தையும் சேர்த்து அனுப்பச் சொன்னார். “படம் தப்புன்னா வேற படம் கேப்பாங்க. பெரும்பாலும் அதோட போயிடும். கேட்டதுக்குப் பொய் சொன்னாத்தான் வில்லங்கம்.”

அத்தானோ வாசல் பலகையில் ‘பாஸ்போர்ட், விசா படங்கள்’ என்று பெரிதாக எழுதி வைத்திருக்கும் மனிதர். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேக்கப் போட்டிருந்தேன்னு எழுதுங்க,” என்றாள்.

“அக்கா, வேணாம்,” என்றேன்.

“நீ சும்மா இருடி. திருத்தினேன்னு இவரு எழுதிக் குடுத்தா நாளைக்குக் கடைக்குப் போலீஸ் வரும். எனக்கு அங்க போய் உக்கார ஒருத்தி இருக்கா. இவருக்கு இருக்கிறது இந்தக் கடை மட்டும்தான்.”

போலீசெல்லாம் வராது என்று ஏஜென்ட் எவ்வளவோ சொன்னார். பயந்தவள் காதில் எதுவும் ஏறவில்லை. படத்தில் எந்தத் திருத்தமும் இல்லை, மேக்கப் மட்டுமே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுப்புக் கடிதத்தை ஏஜென்ட் எங்களுக்குப் படித்துச் சொன்னார். மேக்கப் போட்டால் தோலின் மேடுபள்ளம் அடியில் தெரியும். இந்தப் படத்திலோ தழும்பு இருக்க வேண்டிய இடத்தில், தாடையோரத்துத் தோலின் அதே புள்ளிகள் அதே வரிசையில் இன்னொரு முறை இருந்தன. நல்ல தோலை நகலெடுத்துத் தழும்பின் மேல் ஒட்டுவதுதான் அத்தானின் வழி. அடையாளத்தை மாற்றியதோடு கேட்டபோதும் மறைத்ததால் இது தவறான தகவல் தந்த குற்றம் என்றது கடிதம். ஐந்து வருடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது.

மகள் இறந்ததை அக்கா போன் திரையில் பார்த்தாள். அத்தான் போனைப் பிடித்திருந்தார். அவர் கை நடுங்க நடுங்க மகளின் முகம் ஆடிக்கொண்டே இருந்தது. “ஆட்டாம பிடிங்க,” என்று மட்டும் அக்கா சொன்னாள். அவரை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். அடுத்த மழைக்குள் அவரும் போய்விட்டார். கடையை வேறு யாரோ எடுத்து, செல்போன் கவர் விற்கிறார்கள்.

தடை முடிந்தபோது, பேத்தியைப் பார்க்க வாருங்கள் என்று மருமகன் கூப்பிட்டான். அவன் மறுமணம் செய்துகொண்டிருந்தான். ஏஜென்ட் விண்ணப்பத்தைத் திறந்து, இதற்கு முன் எந்த நாடாவது விசா மறுத்திருக்கிறதா என்ற கேள்விக்கு இனி எப்போதும் ‘ஆம்’ என்றுதான் சொல்ல வேண்டும், காரணமும் எழுத வேண்டும் என்றார். அக்கா விண்ணப்பத்தை மூடச் சொன்னாள்.

“பேத்தி புதுசா வந்தவளை அம்மான்னு கூப்பிடுதாம். நான் போய் நின்னு என்ன சொல்லிக்கிட்டு நிக்கிறது? வுடு.”

போன மாதம் அவளும் இறந்துவிட்டாள். மருமகனுக்குச் செய்தி அனுப்பினேன். பதிலுக்குப் போனில் கைகூப்பும் பொம்மை ஒன்று வந்தது.