ஆடு தெரியாமல் நின்ற காட்சி

செஞ்சிக் கோட்டையில் படப்பிடிப்பு. நாயகன் மதில்மேல் தாவி ஏறுவதாகக் காட்ட, அவரை மதிலிலிருந்து பின்புறமாகக் குதிக்கவைத்து, கேமராவில் ஃபிலிமைப் பின்னோக்கி ஓட்டி எடுத்தோம். பின்னணியில் எதுவும் அசையாமல் பார்த்துக்கொள்வது உதவியாளனான என் பொறுப்பு. கேமரா ஓடத் தொடங்கியதும், அவர் குதிக்கும் முன்பு ஓர் ஆடு குறுக்கே போனது. திரையில் அது பின்னோக்கி நடக்கும், கொட்டகையே சிரிக்கும். வேலை போய்விடுமென்று பயந்து சாயங்காலம்தான் ஒளிப்பதிவாளரிடம் சொன்னேன்.

“இன்னாய்யா, வெளிச்சம் போனப்புறம் சொல்றே? ஆடு போனப்புறம்தானே குதிச்சாரு?”

“ஆமாண்ணே.”

“அப்போ திரையில அவரு ஏறினப்புறம்தான் ஆடு வரும். கால் மதில்ல பட்டதும் லேப்ல படத்தை அப்படியே நிறுத்திடலாம். ஒரு செகண்டுதான். அதுக்கு மேல போனா போட்டோ ஒட்டுன மாதிரி இருக்கும்.”

படம் வெளியானபோது செஞ்சிக் கொட்டகையில் அந்த ஒரு செகண்டு கூட்டம் மூச்சடக்கி நாயகனைப் பார்த்தது. நான் ஆடு வந்திருக்கவேண்டிய திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.