தொண்டை வலி ஏறிய பள்ளி வேன்

அவருடைய பள்ளி வேனில் ஹாரன் எப்போதோ செத்துப்போயிருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தலையை நீட்டி, "வந்தாச்சு!" என்று ஒரு குரல் கொடுப்பார். அதனால் பிள்ளைகளுக்கு அவர் 'வந்தாச்சு மாமா'. முன்பு லாரி ஓட்டியவர். மகள் பிறந்த பிறகு, அவள் தூங்குமுன் வீடு வந்து சேர வேண்டும் என்று வேனுக்கு மாறினார். அதட்ட மாட்டார், அவசரப்பட மாட்டார். அவர் பிரேக் போட்டால் பின்சீட்டில் தூங்கும் குழந்தைகூட விழிக்காது. அந்த நல்ல பெயரை வைத்துத்தான் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் காய்ச்சல் வந்தது. எச்சில் விழுங்கவே முகத்தைச் சுளித்தாள். ஒருமுறை வாந்தியும் எடுத்தாள். மறுநாள் அவர் மற்றப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, இவ நெஞ்சைத் தொட்டுப் பாருங்க. வேர்க்குருன்னு நெனச்சேன். கை வெச்சா வேற மாதிரி இருக்கு."

தொட்டார். கண்ணுக்கு வெறும் சிவப்பு. விரலுக்கு நைஸான உப்புத்தாள். கன்னங்கள் செக்கச்செவேலென்று இருக்க, வாயைச் சுற்றி மட்டும் வெளுத்திருந்தது. வேனைத் திருப்பினார்.

குழந்தை மருத்துவர் அவசரப்படவில்லை. தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். வெள்ளைப் படலத்துக்கு நடுவே சிவந்த புள்ளிகள் துருத்திய நாக்கைப் பார்த்தார். வயிற்றில் விரலால் அழுத்தினார். சிவப்பு மறைந்து, விரலை எடுத்ததும் திரும்ப வந்தது. முழங்கை மடிப்பில் கோடு கிழித்தாற்போல் அடர்சிவப்பு.

"ஸ்கார்லெட் காய்ச்சலா இருக்கும்னு சந்தேகப்படுறேன்" என்றார். "தொண்டையில ஒரு கிருமி பண்ற வேலை. பஞ்சுக் குச்சியால தொட்டு டெஸ்ட் பண்ணிடலாம்."

மகள் ஓங்கரித்து, டாக்டரை முறைத்தாள். சற்று நேரத்தில் சந்தேகம் உறுதியானது.

"பயப்படாதீங்க, மருந்துக்கு நல்லா கேக்கும். பென்சிலின் வகை மருந்து எதுவும் இவளுக்கு ஒத்துக்காம போயிருக்கா?"

"இல்லைங்க டாக்டர்."

"பத்து நாள் குடுக்கணும். சீக்கிரமே குதிக்க ஆரம்பிச்சிடுவா, அதுக்காக நிறுத்திடாதீங்க. பாதியில விட்டா பின்னாடி இதயத்தைப் பாதிக்கலாம். மருந்து ஆரம்பிச்சு ஒரு முழு நாள் ஆகி, காய்ச்சலும் விட்டப்புறம் ஸ்கூலுக்கு அனுப்பலாம். இருமல், தும்மல்ல பரவும். யார்கூடல்லாம் நெருக்கமா இருந்தா?"

தினமும் அவர் வேனில்தான் அவள் போய்வருகிறாள். வேன் முழுக்கத்தான்.

வெளியே வந்ததும் மனைவி மெதுவாகச் சொன்னாள். "ஸ்கூல்ல சொல்லிடுவோம். மத்தவங்களுக்கு அவங்க சொல்லிக்கட்டும். நாம வாசல் வாசலா போய்ச் சொன்னா, பிள்ளைங்கள நிறுத்திடுவாங்க."

"ஸ்கூலுக்கு இவ வகுப்புதான் தெரியும். வேன்ல இவகூட யாரு ஒட்டி உக்காந்தாங்கன்னு எனக்குத்தானே தெரியும்?"

அவள் மகளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு, "சரி, சொல்லிடுங்க" என்றாள்.

அன்று மாலை ஒவ்வொரு வாசலிலும் இறங்கினார். "என் பொண்ணுக்கு இந்த மாதிரி. உங்க பிள்ளைக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தா உடனே காட்டிடுங்க. ஒண்ணும் இல்லேன்னா பயப்பட வேண்டாம்னு டாக்டர் சொன்னாங்க." சிலர் நன்றி சொன்னார்கள். ஒரு அம்மா மட்டும் தன் இரண்டு பிள்ளைகளையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு, "நாளையிலருந்து நாங்களே கொண்டுபோய் விட்டுக்கறோம்" என்று கதவைச் சாத்தினாள்.

அவருக்கு முகம் செத்துப்போயிற்று. இன்னும் ஒரு வாசல்தான் பாக்கி. பேசாமல் போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் அது, முன்பல் விழுந்ததால் வேனில் எல்லோரும் 'ஓட்டைப்பல்லன்' என்று கூப்பிடும் பையனின் வீடு. அவன்தான் மகளுக்குப் பக்கத்துச் சீட்டு. இறங்கினார்.

"அட, இவனும் காலையிலருந்து தொண்டை வலிக்குதுங்கறான்" என்றாள் அவன் அம்மா. "ஐஸ்க்ரீம் தின்ன வினைன்னு திட்டிட்டிருந்தேன்."

"ஐஸ்க்ரீம் மேல பழி போடாதீங்கம்மா. இன்னைக்கே காட்டிடுங்க."

இரவுச் சாப்பாட்டின்போது போன் வந்தது. அதே கிருமி, உடம்பில் தடிப்பு வருமுன்பே மருந்து ஆரம்பித்தாயிற்று. "நீங்க சொல்லலேன்னா வெறும் உப்புத்தண்ணியில கொப்பளிக்க வெச்சிட்டு இருந்திருப்பேன் அண்ணே" என்றாள். போனை வைத்த பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கியது.

டாக்டர் சொன்னபடியே மகள் சீக்கிரம் கட்டிலில் குதிக்கத் தொடங்கினாள். அதன் பிறகு ஒவ்வொரு வேளை மருந்துக்கும் வீட்டில் ஒரு யுத்தம். கெஞ்சியும் துரத்தியும் கடைசிச் சொட்டுவரை கொடுத்து முடித்தார். விரல்நுனிகளில் தோல் உரிந்தபோது பதறி டாக்டருக்குப் போன் செய்தார். "இது வழக்கந்தான், தானா சரியாயிடும்" என்று அவர் சிரித்தார். மகளோ, "நான் பாம்பு, சட்டை உரிக்கிறேன்" என்று தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

கதவைச் சாத்திய வீட்டுப் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. அந்த இடத்தில் ஓட்டைப்பல்லனின் அம்மா சொல்லி அனுப்பிய வேறு வீட்டுக் குழந்தை ஒன்று சேர்ந்தது. முதல் நாளே அதை நடுவராக உட்காரவைத்துவிட்டு, யார் நாக்கு அதிகச் சிவப்பு என்று மகளும் ஓட்டைப்பல்லனும் நாக்கை நீட்டிக்கொண்டு வந்தார்கள். "ரெண்டு பேரும் தோத்தாச்சு, வாயை மூடுங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் கியரை மாற்றினார்.