நாற்காலியில் அளந்த சத்தம்

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.40. பாலோ ஊருக்கு அடுத்த எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நான் அனுமதியை மீறிச் சத்தம் வைத்தேன் என்று கோயில் நிர்வாகம் எழுத்தில் சொன்னது. அதை நம்பி, நகராண்மைக் கழகம், அதாவது நகராட்சி, ஒலியமைப்பாளர் பட்டியலிலிருந்து என் பெயரை ஓராண்டுக்கு நீக்கியது. அந்த எழுத்து பொய். செல்வராணி ஆகிய நான் இதைக் குற்றச்சாட்டாகவே வைக்கிறேன்.

நான் பெக்கோக்கில் பிறந்தவள். ஒன்பதாம் வகுப்பான மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது. பாசிர் கூடாங்கில் இரும்புப் பீப்பாய் அடிக்கும் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். காதடைப்பான் பெட்டியில் ஒட்டியிருந்த டெசிபல் எண்களுக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை. பழைய கையேடுகளை இரவல் வாங்கி நானே படித்தேன். பிறகு என் கணவர் மூர்த்தி லாரி ஓட்ட, நான் ஒலிபெருக்கி வாடகைத் தொழில் தொடங்கினேன். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு கோப்பு. பெர்மிட், அளவுத் தாள், படங்கள், எல்லாம் இருக்கின்றன.

அன்றைய பெர்மிட்டின் நிபந்தனை ஒன்றே: அருகிலுள்ள வீட்டு வேலியில் 65 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வேலி 64 மீட்டர். நாடா பிடித்து அளந்தவர் மூர்த்தி.

சத்தத்தை அளக்க வந்த கழக அதிகாரியை நிர்வாகம் விருந்தாளியாக்கிவிட்டது. தலைவர் சதாசிவம் சந்தன மாலை போட்டு, முதல் வரிசையின் நடுவே குஷன் நாற்காலியில் உட்கார வைத்தார். பெட்டிக்கு நேர் எதிரே, நான்கு மீட்டரில். அவர் உட்கார்ந்த இடத்திலேயே மீட்டரை உயர்த்தினார். 86 காட்டியது. கையில் கேசரித் தட்டு இருந்ததால் படிவத்தை நிரப்பச் சொல்லிச் செயலாளர் ஜீவனிடம் நீட்டினார்.

“என்னடா எழுதுன?” என்று மறுநாள் கேட்டேன்.

“அளந்த இடம்னு ஒரு கட்டம் இருந்துச்சுக்கா. பெர்மிட்ல வேலின்னுதானே இருக்கு, நானும் வேலின்னு எழுதிட்டேன்.”

“வேலிக்குப் போனீங்களா?”

“அவருக்குச் செருப்பு சேறாயிடும்லாக்கா.”

அந்த ஒரு சொல்லால் நான் குற்றவாளி ஆனேன். கழகம் விளக்கம் கேட்டபோது, சொல்லியும் கேளாமல் ஒலியமைப்பாளர் சத்தத்தை ஏற்றினார் என்று எழுதிக் கையெழுத்திட்டார் தலைவர். அன்று யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

மே 5 நிர்வாகக் கூட்டத்துக்குக் கோப்போடு போனேன்.

“வாங்க, டெசிபல் டாக்டர்!” என்றார் சதாசிவம். சிலர் சிரித்தார்கள். “தூரம் போனா சத்தம் கொறையும்னு மாட்டுக்கும் தெரியும். அதுக்கு ஒரு ஃபைலா?”

“எவ்வளவு கொறையும்னு மாட்டுக்குத் தெரியாதுங்க, தலைவரே. எனக்குத் தெரியும்.”

சொன்னேன். திறந்த வெளியில் ஒலி விரிந்துகொண்டே போகிறது. தூரம் இருமடங்கானால் அதே ஆற்றல் நான்கு மடங்கு பரப்பை நிரப்ப வேண்டும். ஓரிடத்துக்குக் கிடைப்பது கால் பங்கு. ஒலி அழுத்தம் பாதியாகிறது. மீட்டரில் அது ஏறக்குறைய ஆறு டெசிபல் இறக்கம். நான்கு மீட்டரில் 86 என்றால் எட்டில் 80, பதினாறில் 74, முப்பத்திரண்டில் 68, வேலியில் 62. திருவிழா அன்று மாலை 5.10க்கு, அதிகாரி அளப்பதற்கு அரை மணி முன்பே, சோதனை இரைச்சலை நான்கு மீட்டரில் அதே 86இல் வைத்து, அதற்குமேல் ஏறாதபடி ஒலிக்கருவியைப் பூட்டி, நானே வேலியில் அளந்தது 63. பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பிய ஒலியால் ஒரு டெசிபல் கூடுதல்; அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

“மாத்தி யோசிங்க” என்றேன். “வேலியில 86ன்னா நாற்காலியில 110. நான் வேல பாத்த பீப்பாய் அடிக்கிற மெஷினே அவ்வளவு கத்தாது. அந்தச் சத்தத்துல அவர் ரெண்டாவது தட்டு கேசரி கேட்டிருப்பாரா?”

ஜீவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“சரிம்மா, கணக்கு சரியாவே இருக்கட்டும்” என்றார் சதாசிவம். “கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப மாத்துனா அடுத்த வருசம் கோயிலுக்கே பெர்மிட் கெடைக்காது. ஒரு வருசம்தானே, பொறுத்துக்குங்களேன்.”

ஆக, உண்மை அவருக்குத் தெரியும். தெரிந்தே என் பெயரைக் கொடுத்துத் தம் பெயரைக் காத்துக்கொண்டார். அறியாமையை நான் மன்னித்திருப்பேன். இதை மன்னிக்க மாட்டேன்.

அளவுத் தாளும், நாற்காலியும் பெட்டியும் ஒரே படத்தில் தெரியும் புகைப்படமும் இத்துடன் உள்ளன. நகல் கழகத்துக்கும் போகிறது. மீட்டர் எங்கே இருந்தது? நான் சத்தத்தை ஏற்றினேன் என்பதற்கு என்ன சான்று? பதினான்கு நாட்களுக்குள், நிர்வாகத்திடமிருந்து, தலைவர் கையெழுத்தோடு, எழுத்தில் பதில் வேண்டும். வாய்மொழிப் பதிலை ஏற்க மாட்டேன்.