நார்மல் என்று வந்த காது

சங்கரேஸ்வரிக்கு அலுப்பென்றால் அப்படியோர் அலுப்பு. கல்யாணமான நாளிலிருந்து சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறாள். தறிக்கூடத்து இரைச்சலில் வாயசைவைப் பார்த்தும் கையைக் காட்டியுமே ஊர்க்கதை முழுக்க நடந்துவிடும். காதுக்கு அங்கே என்ன வேலை?

அப்பாவிடமிருந்து கூடத்தை ஏற்ற துரைப்பாண்டிக்கு அந்தப் பேச்சு பிடிபடவில்லை. பின்னால் வந்து நின்று, குறுக்கே ஓடும் ஊடை நூலின் நிறத்தை மாற்றச் சொல்லிக் கத்தினான். சத்தம் விழுந்தது, சொல் விளங்கவில்லை. திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டி வைத்தாள் பாவி. சேலை முழுக்கப் பழைய நிறத்திலேயே ஓடிவிட்டது. புதிதாகச் சேர்ந்த பக்கத்துத் தறிக்காரிக்கு விளங்கியது இவளுக்கு மட்டும் எப்படி விளங்காமல் போகும் என்று குதித்தான். காதைப் பரிசோதித்து வரச் சொன்னான்.

திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரி. ஈ பறந்தால் கேட்கும் அறை. காதில் மாட்டியதில் எவ்வளவு மெல்லிசாக ஒலித்தாலும் பொத்தானை அமுக்கினாள். ரிப்போர்ட் நார்மல். சந்தோஷப்பட வேண்டியவள், துரைப்பாண்டியிடம் என்ன சொல்வதென்று யோசித்தபடி பஸ் ஏறினாள்.

துரைப்பாண்டி ரிப்போர்ட்டைப் பார்த்தான். “காதுதான் நல்லாருக்கேக்கா. பெறகென்ன, திமிருதான?” அடுத்த வாரத்திலிருந்து வரவேண்டாம் என்றான்.

வீட்டிலும் அதே கதைதான். டிவி ஓடும்போது கூப்பிட்டால் காதில் வாங்குவதில்லை என்று புருஷன் இசக்கிராஜாவுக்குக் குறை. ஆனாலும் வேலை போகிறதென்றதும் அவன்தான் மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

இந்த முறை ரூபியா என்ற காது பரிசோதகர் வேறு மாதிரி சோதித்தார். சந்தைக்கூச்சல் போன்ற இரைச்சல், அதற்குள் ஒரு குரல். சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பாதிக்குமேல் சங்கரேஸ்வரியால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. வெளியே உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த இசக்கிராஜா தலைகுனிந்துகொண்டான்.

ரூபியா பொறுமையாக விளக்கினார். காதுக்கும் நரம்புக்கும் நடுவே உள்ள இணைப்புகள் வருஷக்கணக்கான இரைச்சலில் பழுதாகியிருக்கலாம். உறுதியாகச் சொல்ல இன்னும் சோதனை இல்லை. மிச்சமிருப்பவை மெல்லிய சத்தத்தைப் பிடித்துவிடும், அதனால் முதல் சோதனையில் தெரியாது. இரைச்சலுக்குள் பேச்சைப் பிரித்தெடுக்கத்தான் அவை போதாது. மருந்து கிடையாது. முகம் பார்த்துப் பேச வேண்டும், காதடைப்பான் போட வேண்டும், முடிந்தால் இரைச்சலை விட்டு விலக வேண்டும்.

விலகினால் சோறு?

அவள் கேட்டுக்கொண்டதால் ரூபியாவே துரைப்பாண்டிக்குப் போன் போட்டுச் சொன்னார். மறுநாள் அவன் தறிக்கு முன்னால் வந்து நின்றான். “சரிக்கா, இனி முன்னால நின்னே சொல்லுதேன்.”

வேலை தங்கியது. அதே தறி, அதே இரைச்சல். காதடைப்பானைச் செருகிக்கொண்டபோது அழுகையாக வந்தது, அழக்கூடத் தெம்பில்லை.

எதிர்த்தறியில் சுந்தரம்மாள், கூடத்தில் எல்லாருக்கும் மூத்தவள், கையை ஆட்டி அவளைப் பார்க்கச் செய்தாள். துரைப்பாண்டி இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தாள்.

“எனக்கும் அப்படித்தான்ட்டி. யாருட்டயும் சொல்லிராத.”